துணையலகுப் பாதையின் சாய்வும் இரண்டாம் வகைக்கெழுவும்: மூன்று வழிகளில் எதை எடுப்பது?

ஒரு புள்ளி நகரும் பாதையை x = f(t), y = g(t) என்று நேரத்தின் இரண்டு சார்புகளாகக் கொடுத்துவிட்டு, சாய்வு என்ன, d²y/dx² என்ன என்று கேட்கும் கணக்குகளில் சாய்வு வரைக்கும் யாருக்கும் பெரிய தடுமாற்றம் இல்லை. y-இன் வகைக்கெழுவை x-இன் வகைக்கெழுவால் வகுத்தால் போதும். இரண்டாம் வகைக்கெழுவுக்கு வரும்போதுதான் கேள்விகள் வருகின்றன. "t-ஐ நீக்கிவிட்டு y = f(x) ஆக்கிச் செய்வது பாதுகாப்பானதா?", "சாய்வையே மறுபடி வகையிடுவதா?", "அந்த நீளமான வாய்பாட்டை மனப்பாடம் செய்தால் போதாதா?" என்று வாசகர்கள் மாறி மாறிக் கேட்கிறார்கள். மூன்றும் சரியான வழிகள்தான். எது எந்தக் கணக்குக்கு ஏற்றது என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

ஒப்பீடு நியாயமாக இருக்க, மூன்று வழிகளையும் ஒரே பாதையில் ஓட்டிப் பார்க்கலாம்:

x = t²
y = t³ − 3t

இந்தப் பாதை எப்படிப் போகிறது என்பதை முதலில் கண்ணால் பார்த்துவிடுவோம். t = −2 எனில் புள்ளி (4, −2). t = −1 எனில் (1, 2). t = 0 எனில் (0, 0). t = 1 எனில் (1, −2). t = 2 எனில் (4, 2). அதாவது புள்ளி வலப்பக்கம் கீழிருந்து கிளம்பி, இடப்பக்கமாக மேலேறி, (1, 2)-இல் உச்சியைத் தொட்டு, ஆதிப்புள்ளி வழியாக இறங்கி, (1, −2)-இல் அடியைத் தொட்டு, மறுபடி வலப்பக்கமாக மேலேறிப் போகிறது. நடுவில் ஒரு வளையம் விழுகிறது. t = −√3, t = √3 ஆகிய இரண்டு நேரங்களிலும் புள்ளி (3, 0) என்ற ஒரே இடத்தில் இருக்கிறது. அங்கே பாதை தன்னையே வெட்டிக்கொள்கிறது. இந்த வெட்டும் புள்ளியும், ஆதிப்புள்ளியில் செங்குத்தாக நிற்கும் தொடுகோடும் மூன்று வழிகளையும் நன்றாகச் சோதிக்கும்.

இனி x', y', x'', y'' என்று நான் எழுதினால் அவை t-ஐப் பொறுத்த வகைக்கெழுக்கள். x-ஐப் பொறுத்தவற்றை dy/dx, d²y/dx² என்றே எழுதுகிறேன். இந்தப் பாதைக்கு:

x' = 2t, x'' = 2
y' = 3t² − 3, y'' = 6t

எதை வைத்து எடைபோடுவது

நான்கு அளவுகோல்கள் போதும். முதலாவது, இயற்கணித வேலை எவ்வளவு, அதில் தப்பு நுழையும் இடம் எது. இரண்டாவது, ஒரே x-க்கு இரண்டு y வரும் பாதையில் நாம் எந்தக் கிளையில் நிற்கிறோம் என்பதை அந்த வழி மறக்காமல் வைத்திருக்கிறதா. மூன்றாவது, தொடுகோடு செங்குத்தாகும் இடத்திலும் பாதை தன்னை வெட்டும் இடத்திலும் என்ன ஆகிறது. நான்காவது, விடை தப்பாக வந்தால் அது நமக்குத் தெரியவருமா.

நான்காவதைத்தான் நான் அதிகம் மதிக்கிறேன். இந்தத் தலைப்பில் தப்பான விடைகள் பார்ப்பதற்கு மிகவும் ஒழுங்காக இருக்கும், சந்தேகமே வராது.

முதலில் ஒதுக்க வேண்டியது: y''/x''

சாய்வு y'/x' என்றால் இரண்டாம் வகைக்கெழு y''/x'' தானே என்று தோன்றுவது இயல்பு. ஆனால் அது வேறு ஏதோ ஓர் எண். காரணம் நேரானது. dy/dx என்பது "x ஓரலகு நகரும்போது y எவ்வளவு நகர்கிறது" என்ற விகிதம். d²y/dx² என்பது "x ஓரலகு நகரும்போது *சாய்வு* எவ்வளவு மாறுகிறது" என்ற விகிதம். ஆகவே சாய்வை m என்று வைத்தால், மேலே வர வேண்டியது m'. கீழே வர வேண்டியது x'-தான், x'' அல்ல. y'' என்பது செங்குத்துத் திசையில் உள்ள முடுக்கம். சாய்வு மாறும் வேகம் அல்ல.

நம் பாதையில் y''/x'' = 6t/2 = 3t என்று வரும். t = 2-இல் 6. உண்மையான விடை 15/32, அதாவது ஏறத்தாழ 0.47. பத்து மடங்குக்கு மேல் வித்தியாசம். அப்படியும் பலர் இதைக் கண்டுகொள்ளாமல் போவதற்கு ஒரு காரணம் இருக்கிறது. 3t-இன் குறி, t நேர் எண்ணானால் நேர், எதிர் எண்ணானால் எதிர். சரியான விடையின் குறியும் இந்தப் பாதையில் அப்படியேதான் வருகிறது. எனவே "வளைவரை எங்கே மேல்நோக்கிக் குழிவு, எங்கே கீழ்நோக்கிக் குழிவு" என்று மட்டும் கேட்டால் தப்பான வழியிலும் சரியான பதில் கிடைத்துவிடும். அடுத்த கணக்கில் அந்த அதிர்ஷ்டம் இருக்காது.

இதைப் பிடிக்க அலகுச் சோதனை ஒன்றே போதும். x, y மீட்டரிலும் t விநாடியிலும் இருப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். சாய்வுக்கு அலகு கிடையாது. அதன் மாற்றத்தை மீட்டரால் வகுத்தால் d²y/dx²-க்கு "ஒன்றின் கீழ் மீட்டர்" என்ற அலகு வர வேண்டும். y''/x'' என்பது மீட்டர்/விநாடி²-ஐ மீட்டர்/விநாடி²-ஆல் வகுப்பது. அலகே இல்லாமல் போகிறது. அப்போதே தெரிந்துவிடும், இது நாம் தேடும் அளவு இல்லை என்று.

வழி 1: t-ஐ நீக்கிவிட்டு y-ஐ x-இல் எழுதுவது

x = t² என்பதால் t = √x அல்லது t = −√x. t நேர் எண்ணாகும் கிளை, எதிர் எண்ணாகும் கிளை என்று இங்கேயே இரண்டாகப் பிரிந்துவிடுகிறது. t > 0 உள்ள பகுதியை எடுத்தால்:

y = x^(3/2) − 3x^(1/2)
dy/dx = (3/2)x^(1/2) − (3/2)x^(−1/2)
d²y/dx² = (3/4)x^(−1/2) + (3/4)x^(−3/2)

t = 2 என்றால் x = 4. சாய்வு 3 − 3/4 = 9/4. இரண்டாம் வகைக்கெழு 3/8 + 3/32 = 15/32.

வேலை சுத்தமாக இருக்கிறது. புதிதாக எந்த விதியும் தெரிய வேண்டியதில்லை; அடுக்குகளை வகையிடத் தெரிந்தால் போதும். இதுதான் இந்த வழியின் பெரிய வசதி. விடை x-இலேயே கிடைக்கிறது என்பதும் சில இடங்களில் தேவையான ஒன்று.

செலவு எங்கே மறைந்திருக்கிறது என்றால், t < 0 உள்ள பகுதிக்கு எல்லாவற்றையும் குறி மாற்றி மறுபடி எழுத வேண்டும். அதை மறந்துவிட்டால் பாதி வளைவரைக்கு விடை தப்பு. (1, 2) என்ற உச்சியில் d²y/dx² = −3/2 வர வேண்டும். மேலே எழுதிய சமன்பாட்டில் x = 1 என்று போட்டால் +3/2 வரும். அது (1, −2) என்ற அடிப்புள்ளிக்கான விடை. இரண்டுக்கும் x ஒன்றே என்பதால், எந்தப் புள்ளியைப் பற்றிப் பேசுகிறோம் என்று சமன்பாட்டைப் பார்த்துச் சொல்ல முடியாது.

கிளைப் பிரிவைத் தவிர்க்க இருபுறமும் வர்க்கம் எடுத்து y² = x(x − 3)² என்று உட்படு சார்பாக வைத்துக்கொள்ளலாமே என்று சிலர் கேட்பார்கள். அப்போது 2y·(dy/dx) = (x − 3)(3x − 3) என்று வரும். இதில் (3, 0)-ஐப் போட்டால் இருபுறமும் பூச்சியம். அந்த இடத்தில் பாதைக்கு இரண்டு தொடுகோடுகள் இருக்கின்றன. சமன்பாடு எதைச் சொல்வது என்று தெரியாமல் நிற்கிறது. t கையில் இருந்தால் இந்தச் சிக்கலே இல்லை: t = √3 எனில் சாய்வு 6/(2√3) = √3, t = −√3 எனில் −√3. புள்ளி முதல்முறை அந்த இடத்தைக் கடக்கும்போதும் இரண்டாம் முறை கடக்கும்போதும் திசை வேறு. நேரத்தைத் தூக்கி எறிந்ததும் அந்தத் தகவலும் போய்விடுகிறது.

இன்னொரு வரம்பு, பல பாதைகளில் t-ஐ நீக்கவே முடியாது, அல்லது நீக்கினாலும் பயன்படுத்த முடியாத உருவம் வரும். அதற்கு உதாரணம் பின்னால் வருகிறது.

வழி 2: சாய்வை t-ஆல் வகையிட்டு, மறுபடி x'-ஆல் வகுப்பது

இதில் t-ஐக் கடைசிவரை கையில் வைத்துக்கொள்கிறோம். முதல் படி சாய்வு:

m = y'/x' = (3t² − 3)/(2t)

இந்த இடத்தில் ஒரு நிமிடம் நின்று சுருக்க வேண்டும். மொத்த வேலையும் எளிதாவதும் கடினமாவதும் இங்கேதான் தீர்மானமாகிறது. பின்னமாகவே வைத்துக்கொண்டு வகுத்தல் விதியைப் போட்டால் மூன்று வரி கூடுதல். பிரித்து எழுதினால்:

m = (3/2)(t − 1/t)

இப்போது வகையிடுவது ஒரே வரி:

m' = (3/2)(1 + 1/t²)

கடைசிப் படி, x' = 2t-ஆல் வகுப்பது:

d²y/dx² = m'/x' = 3(t² + 1)/(4t³)

t = 2 என்று போட்டால் 3 × 5/32 = 15/32. வழி 1-இல் கிடைத்ததே. t = −1 என்று போட்டால் 3 × 2/(−4) = −3/2. உச்சிக்கு எதிர்க்குறி தானாகவே வந்துவிட்டது. கிளையைப் பற்றி நாம் யோசிக்கவே இல்லை.

இந்த வழியில் தப்பு நுழையும் இடம் ஒன்றே ஒன்று, கடைசி வகுத்தல். m' கிடைத்ததும் "வகையிட்டாயிற்று, முடிந்தது" என்ற திருப்தியில் x'-ஆல் வகுக்காமல் விட்டுவிடுவார்கள். அப்படி விட்டால் t = 2-இல் 15/8, அதாவது 1.875 வரும். அதைவிட மோசம், m' = (3/2)(1 + 1/t²) எப்போதும் நேர் எண். அதை இரண்டாம் வகைக்கெழு என்று நம்பினால் வளைவரை முழுதும் மேல்நோக்கிக் குழிவு என்றும், (1, 2) ஒரு சிறுமம் என்றும் முடிவு செய்ய வேண்டிவரும். படத்தில் அது பட்டவர்த்தனமாக உச்சி. அலகுச் சோதனையும் இங்கே உதவும். m' என்பது "ஒன்றின் கீழ் விநாடி". நமக்கு வேண்டியது "ஒன்றின் கீழ் மீட்டர்". விநாடியை மீட்டராக மாற்றித் தருவது அந்த x' வகுத்தல்தான்.

ஒரு எச்சரிக்கை. இந்தக் கணக்கில் விடையைச் சரிபார்க்க t = 1-ஐ எடுக்காதீர்கள். அங்கே y''/x'' = 3; வகுக்க மறந்த m' = 3. இரண்டு தப்பான வழிகளும் ஒரே எண்ணைத் தருகின்றன. இரண்டு விதமாகச் செய்து பார்த்தேன், ஒத்துப்போகிறது என்று ஒருவர் மனநிறைவோடு எழுதிவிடக்கூடிய இடம் இது. சரியான விடை 3/2. பூச்சியம், ஒன்று ஆகியவற்றைச் சோதனைக்கு எடுத்தால் இப்படித் தற்செயல்கள் நிறைய வரும். 2 அல்லது 3 நம்பகமானது.

வழி 3: நேரடி வாய்பாடு

வழி 2-ஐ எண்கள் இல்லாமல் பொதுவாகச் செய்து வைத்ததுதான் வாய்பாடு. m = y'/x' என்பதற்கு வகுத்தல் விதியைப் போட்டால் (x'y'' − y'x'')/x'² வரும். அதை மறுபடி x'-ஆல் வகுத்தால்:

d²y/dx² = (x'y'' − y'x'')/x'³

நம் பாதைக்கு மேலே 2t·6t − (3t² − 3)·2 = 6t² + 6. கீழே 8t³. விடை 3(t² + 1)/(4t³). அதே விடைதான்.

இதன் மறைமுகச் செலவு ஞாபகசக்தி. கீழே வர்க்கமா கனமா, மேலே எது முதலில் வரும் என்ற இரண்டு இடங்களில் சறுக்கும். கனத்தை ஞாபகம் வைக்க அலகு போதும். மேலே மீட்டர்²/விநாடி³. கீழே கனம் எடுத்தால்தான் மீட்டர்³/விநாடி³ வந்து, விநாடி முழுதாக அடிபட்டு "ஒன்றின் கீழ் மீட்டர்" மிஞ்சும். வர்க்கம் எடுத்தால் விநாடி மிஞ்சிவிடும். வரிசைக்கு, x = t என்று வைத்துப் பாருங்கள். x' = 1, x'' = 0. வாய்பாடு வெறும் y'' ஆகச் சுருங்க வேண்டும். குறி மாறினால் தப்பான வரிசை.

இந்த வாய்பாடு வேறு இரண்டு வழிகளும் காட்டாத ஒன்றைக் காட்டுகிறது. பகுதியும் தொகுதியும் தனித்தனியாகப் பேசுகின்றன. தொகுதி x'y'' − y'x'' நேர் எண்ணாக இருந்தால் நகரும் புள்ளி இடப்புறம் திரும்பிக்கொண்டிருக்கிறது. எதிர் எண்ணானால் வலப்புறம். நம் பாதையில் 6t² + 6 எப்போதும் நேர் எண். எனவே புள்ளி ஆரம்பம் முதல் கடைசிவரை இடப்பக்கமே திரும்புகிறது. மேலே சொன்ன புள்ளிகளைத் தாளில் வைத்து விரலை ஓட்டிப் பாருங்கள், அப்படித்தான் இருக்கும். அப்படியானால் d²y/dx²-இன் குறி ஏன் t = 0-இல் மாறுகிறது? பாதை வளையும் விதம் மாறவில்லை. x'-இன் குறி மாறுகிறது. t < 0 இருக்கும்போது புள்ளி இடதுநோக்கிப் போகிறது. இடதுநோக்கிப் போகிறவர் தன் இடப்புறம் திரும்பினால் கீழே வளைவார். வலதுநோக்கிப் போகிறவர் இடப்புறம் திரும்பினால் மேலே வளைவார். குழிவின் குறி மாறிய இடத்தை எல்லாம் வளைவு மாற்றப்புள்ளி என்று எழுதிவிடக்கூடாது என்பதற்கு ஆதிப்புள்ளி நல்ல உதாரணம்.

ஒரே பார்வையில்

| அளவுகோல் | வழி 1: t நீக்கல் | வழி 2: சாய்வை மறுபடி வகையிடல் | வழி 3: வாய்பாடு |
|---|---|---|---|
| இயற்கணித வேலை | நீக்க முடிந்தால் குறைவு. முடியாவிட்டால் வழியே இல்லை | சாய்வு சுருங்கினால் குறைவு | எப்போதும் நடுத்தரம் |
| கிளை ஞாபகம் | இல்லை. கையால் கவனிக்க வேண்டும் | t-யே வைத்திருக்கிறது | t-யே வைத்திருக்கிறது |
| வழக்கமான தப்பு | குறி, தப்பான கிளை | கடைசி வகுத்தலை மறப்பது | கனத்துக்குப் பதில் வர்க்கம், வரிசை மாற்றம் |
| தப்பு தெரியவருமா | கஷ்டம் | அலகால் தெரியும் | கனம் அலகால் தெரியும், வரிசை x = t சோதனையால் தெரியும் |
| ஒரே ஒரு புள்ளியில் எண் மட்டும் வேண்டுமானால் | சுமார் | சுமார் | மிகவும் வசதி |

எந்தக் கணக்குக்கு எது

என் கருத்தில் வழக்கமாகக் கையில் எடுக்க வேண்டியது வழி 2. அதில் ஒவ்வொரு படியும் ஏன் என்று தெரியும்; மறந்தாலும் சங்கிலி விதியிலிருந்து மறுபடி எழுப்பிக்கொள்ளலாம். ஆனால் மற்ற இரண்டும் தெளிவாக வெல்லும் இடங்கள் உண்டு.

எறியப்பட்ட பந்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஈர்ப்பு முடுக்கம் 10 என்று வைத்தால் x = 20t, y = 15t − 5t². இங்கே x நேரத்தோடு சீராகக் கூடுகிறது. ஒரே x-க்கு ஒரே t. கிளைச் சிக்கல் கிடையாது. t = x/20 என்று போட்டால் y = (3/4)x − x²/80. சாய்வு 3/4 − x/40, இரண்டாம் வகைக்கெழு −1/40. இரண்டே வரி. x ஆனது t-இல் நேர்ப்படியாக இருக்கும் இடங்களில் வழி 1-ஐ விட வேகமானது இல்லை. இதே கணக்கில் y''/x'' போட்டால் −10/0 வந்து நின்றுவிடும் என்பதையும் கவனியுங்கள்.

அடுத்து, x = t + t³, y = t² + t⁴, t = 1-இல் மட்டும் d²y/dx² வேண்டும் என்று ஒரு கேள்வி. t-ஐ நீக்க முப்படிச் சமன்பாட்டைத் தீர்க்க வேண்டும், அதை விட்டுவிடலாம். வழி 2-இல் போனால் (2t + 4t³)/(1 + 3t²) என்ற பின்னம் சுருங்காது. வகுத்தல் விதி முழுதும் எழுத வேண்டும். வழி 3-இல் நான்கு எண்களைக் கண்டுபிடித்தால் போதும். t = 1-இல் x' = 4, x'' = 6, y' = 6, y'' = 14. ஆகவே (4 × 14 − 6 × 6)/64 = 20/64 = 5/16. கோவையே தேவையில்லை, எண்தான் தேவை என்றால் வாய்பாட்டுக்கு நிகர் இல்லை. கணினியில் நூறு புள்ளிகளுக்கு விடை எடுக்க வேண்டிய வேலையிலும் இதையே எடுங்கள்.

மூன்றாவது, சக்கரம் உருளும்போது அதன் விளிம்பிலுள்ள ஒரு புள்ளி வரையும் சைக்ளாய்டு. சக்கரத்தின் ஆரம் a எனில்:

x = a(t − sin t)
y = a(1 − cos t)

இங்கே வழி 1 செத்துவிடுகிறது. t-ஐ y-இல் எழுதி x-இல் போட்டால் arccos-உம் வர்க்கமூலமும் கலந்த ஒரு கோவை வரும். அதிலிருந்து y-ஐத் தனியாக எடுக்க முடியாது. வழி 2-இல் சாய்வு sin t/(1 − cos t). அரைக்கோண வாய்பாடுகளால் இது cot(t/2) ஆகச் சுருங்கும். இந்தச் சுருக்கத்தைப் பார்த்துவிட்டால் மீதி எளிது: m' = −(1/2)cosec²(t/2). 1 − cos t = 2sin²(t/2) என்பதால் m' = −1/(1 − cos t). அதை x' = a(1 − cos t)-ஆல் வகுத்தால்:

d²y/dx² = −1/(a(1 − cos t)²)

அரைக்கோணம் கண்ணில் படவில்லை என்றால் வாய்பாடு காப்பாற்றும். மேலே a²[(1 − cos t)cos t − sin²t]. இதில் cos²t-உம் sin²t-உம் சேர்ந்து ஒன்றாகி a²(cos t − 1) மிஞ்சும். கீழே a³(1 − cos t)³. அதே விடை. எந்தத் தந்திரமும் தேவைப்படவில்லை. முக்கோணவியல் சார்புகள் வரும் கணக்குகளில் தொகுதி இப்படித் தானாகச் சுருங்குவது அடிக்கடி நடக்கும். அதனால் அங்கே நான் இரண்டையும் சமமாகவே வைப்பேன்.

சைக்ளாய்டின் d²y/dx² எப்போதும் எதிர் எண். ஒவ்வொரு வளைவும் கவிழ்த்த கிண்ணம் போலக் கீழ்நோக்கிக் குழிவு. y''/x'' போட்டவருக்கு cot t கிடைக்கும். t பூச்சியத்துக்கும் π/2-க்கும் இடையில் இருக்கும்போது அது நேர் எண். முதல் உதாரணத்தில் தப்பான வழியைக் காப்பாற்றிய அதிர்ஷ்டம் இங்கே குறியிலேயே கைவிடுகிறது.

x' பூச்சியமாகும் இடத்தில்

மூன்று வழிகளுக்கும் பொதுவான ஒரு முட்டுச்சந்து உண்டு. நம் பாதையில் t = 0-இல் x' = 0, y' = −3. தொடுகோடு செங்குத்து. சாய்வும் கிடையாது, d²y/dx²-உம் கிடையாது. இதைப் பார்த்ததும் பாதையில் ஏதோ கோளாறு என்று எண்ண வேண்டாம். பாதை அங்கே வழுவழுப்பாகத்தான் போகிறது. y-ஐ x-இன் சார்பாகப் பார்க்க முடியவில்லை, அவ்வளவுதான். எனவே பாத்திரங்களை மாற்றிக்கொள்ளலாம். x-ஐ y-இன் சார்பாக எடுத்தால் வாய்பாட்டில் x, y இடம் மாறும்:

d²x/dy² = (y'x'' − x'y'')/y'³

t = 0-இல் மேலே (−3)(2) − 0 = −6. கீழே −27. விடை 2/9. நேர் எண் என்பதால் பாதை அங்கே வலப்பக்கமாகத் திறந்து வளைகிறது. படமும் அதையே காட்டுகிறது.

x', y' இரண்டும் ஒரே நேரத்தில் பூச்சியமானால் இந்த மாற்றமும் உதவாது. சைக்ளாய்டில் t = 0 அப்படிப்பட்ட இடம்; விளிம்புப் புள்ளி தரையைத் தொடும் கணம். அங்கே எல்லை எடுத்துத்தான் பார்க்க வேண்டும். cot(t/2) வலப்பக்கத்திலிருந்து அணுகினால் மேலே எல்லையின்றிப் போகிறது, இடப்பக்கத்திலிருந்து அணுகினால் கீழே எல்லையின்றிப் போகிறது. பாதை அங்கே கூர்முனையாக நிற்கிறது.

"எவ்வளவு வளைகிறது" என்பதுதான் கேள்வி என்றால்

சிலர் d²y/dx²-ஐத் தேடுவதே பாதை எந்த இடத்தில் எவ்வளவு கூர்மையாகத் திரும்புகிறது என்று தெரிந்துகொள்ளத்தான். அப்படியானால் மேலே சொன்ன மூன்றுமே சரியான தேர்வு இல்லை. அதற்கு வளைமை என்ற அளவு இருக்கிறது:

κ = |x'y'' − y'x''|/(x'² + y'²)^(3/2)

தொகுதி அதே தொகுதி. பகுதியில் x'-க்குப் பதில் புள்ளியின் முழு வேகம். அதனால் செங்குத்துத் தொடுகோட்டில் இது தடுமாறாது. x', y' இரண்டும் சேர்ந்து பூச்சியமானால் மட்டுமே நிற்கும். நம் பாதையில் t = 0-இல் 6/27 = 2/9. d²x/dy²-க்குக் கிடைத்த அதே எண், ஏனென்றால் அங்கே தொடுகோடு y-அச்சு வழியாகவே போகிறது. t = 1-இல் தொடுகோடு கிடைமட்டம்; 12/8 = 3/2, d²y/dx²-உம் அதே 3/2. தொடுகோடு சாய்ந்தால் இரண்டும் விலகிவிடும். t = 2-இல் d²y/dx² = 0.47, ஆனால் வளைமை 30/97^(3/2), அதாவது ஏறத்தாழ 0.031 மட்டுமே. சாய்வு 9/4 ஆக இருக்கும் செங்குத்தான இடத்தில், பாதை ஏறக்குறைய நேராகப் போனாலும், x சிறிதளவு நகர்வதற்குள் y நிறைய ஏறிவிடுவதால் d²y/dx² பெரிதாகத் தெரிகிறது. அந்த இடத்தைப் பொருத்தும் வட்டத்தின் ஆரம் 1/0.031, சுமார் 32 அலகு. (1, −2)-இல் அதே ஆரம் 2/3 அலகுதான்.